காப்புரிமையை மொரிஷியஸுக்கு மாற்றினால் வரி மிஞ்சுமா?

கேள்வி: "ஐயா, கோயம்புத்தூரிலிருந்து தென்னாப்பிரிக்கா வந்து டோங்காட்டில் குடியேறி இருபது வருடம் ஆகிறது. சர்க்கரை ஆலையில் பொறியாளராக இருந்தபோது, கரும்புச்சாற்றைச் சுண்டவைக்கும் ஆவியாக்கிக் குழாய்களில் படிவு ஏறுவதைக் குறைக்க ஒரு கருவி செய்தேன். 2017-ல் விண்ணப்பித்து இந்த நாட்டுக் காப்புரிமை கிடைத்தது. நானும் மச்சானும் சேர்ந்து கம்பெனி நடத்துகிறோம். ஆராய்ச்சிக்கு இதுவரை 4 மில்லியன் ரேண்ட் செலவு. இப்போது வருடத்துக்கு 3 மில்லியன் லாபம், அதில் 27 சதவீதம் வரிக்கே போகிறது. ஓர் ஆலோசகர் ஒரு வழி சொல்கிறார்: மொரிஷியஸில் கம்பெனி தொடங்கி, காப்புரிமையை அரை மில்லியனுக்கு அதற்கு விற்றுவிட்டு, வருடம் 2.4 மில்லியன் ராயல்டி கட்டு. அங்கே பேட்டன்ட் பாக்ஸ் இருக்கிறது, எட்டு வருடம் வரியே கிடையாது என்கிறார். பங்குகளை காத்ர் போர்னில் இருக்கும் என் மனைவியின் சித்தப்பா மகன் பெயரில் வைக்கலாமாம். பெரிய கம்பெனிகள் இதைத்தானே செய்கின்றன? கையெழுத்துப் போடலாமா?"
(பெயர் வேண்டாம், டோங்காட்)

பதில்: போடாதீர்கள். இந்தத் திட்டத்தில் உங்களுக்கு வரி மிஞ்சாது. முதல் வருடமே பெரிய தொகை ஒன்றைக் கையிலிருந்து கட்ட வேண்டி வரும். பங்குகளை உறவினர் பெயரில் வைத்தால், வரித் திட்டமிடல் என்ற எல்லையைத் தாண்டி வரி ஏய்ப்பு என்ற இடத்துக்கே போய்விடுவீர்கள். ஆலோசகர் கேள்விப்பட்டதெல்லாம் பொய்யில்லை. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய உலகத்தில் இதைப் போன்ற ஏற்பாடுகள் நடந்தன. அவற்றைத் தடுக்கவே பிறகு எழுதப்பட்ட விதிகள் ஒவ்வொன்றிலும் உங்கள் திட்டம் போய் மோதுகிறது.

பேட்டன்ட் பாக்ஸ் ஏன் வந்தது, ஏன் திட்டு வாங்கியது

கண்டுபிடிப்பிலிருந்து வரும் லாபத்தை மட்டும் தனியே பிரித்து அதற்குக் குறைந்த வரி போடுவதுதான் இந்த ஏற்பாடு. பிரிட்டன் 2013-ல் தொடங்கியது, வீதம் 10 சதவீதம். நெதர்லாந்தில் இப்போது 9 சதவீதம். இந்தியாவும் 2016-ல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. இந்தியாவில் உருவாக்கிப் பதிவுசெய்த காப்புரிமையின் ராயல்டிக்கு 10 சதவீதம், ஆனால் அதை உருவாக்கிய செலவில் முக்கால் பங்காவது இந்தியாவிலேயே ஆகியிருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பேட்டன்ட் பாக்ஸ் கிடையாது. இங்கே சலுகை ஆராய்ச்சிச் செலவுக்குத்தான் உண்டு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நோக்கம் நல்லதுதான். கண்டுபிடிப்பவர்களும் ஆய்வுக்கூடங்களும் நாட்டை விட்டுப் போகாமல் இருக்கட்டும் என்று நினைத்தார்கள். சிக்கல், காப்புரிமை ஒரு சட்ட உரிமை என்பதில் இருக்கிறது. கடைசல் இயந்திரத்தையும் அதில் வேலை செய்யும் ஆளையும் வேறு நாட்டுக்குக் கொண்டுபோவது பெரும்பாடு. உரிமையைக் கொண்டுபோக ஒரு கையெழுத்து போதும். ஆராய்ச்சி ஓர் ஊரில், விற்பனை இன்னோர் ஊரில் நடக்க, லாபம் மட்டும் வரி குறைந்த மூன்றாவது ஊரில் போய் உட்காரும். ஆராய்ச்சிச் செலவை வரியில் கழித்துக்கொடுத்த நாட்டுக்கு, லாபம் வரும் காலத்தில் ஒன்றும் கிடைக்காது. 2013-ல் ஜெர்மனியின் நிதியமைச்சர் வொல்ஃப்காங் ஷொய்பிளே இதைப் பகிரங்கமாகவே கண்டித்தார். 2016-ல் சர்வதேச நாணய நிதியமும், ஆராய்ச்சியைப் பெருக்க இது செலவுக்கேற்ற பலன் தரும் வழியல்ல, பல இடங்களில் இது நாடுகளுக்கிடையே நடக்கும் வரிப் போட்டியின் ஒரு பகுதி என்று எழுதியது.

எனக்கு அந்த விமர்சனம் நியாயமாகவே படுகிறது. காப்புரிமை ஏற்கெனவே இருபது வருட ஏகபோகத்தைக் கொடுக்கிறது. வெற்றி பெற்றவருக்கு அதற்கு மேலும் வரிச் சலுகை தருவதைவிட, வெற்றியா தோல்வியா என்று தெரியாமல் கைப்பணத்தைப் போட்டுச் சோதனை செய்கிறவருக்கு அந்த நேரத்தில் உதவுவது மேல். உங்கள் 4 மில்லியனில் எத்தனை ரேண்ட் வேலைக்கு உதவாத மாதிரிகளுக்குப் போனது என்று யோசித்துப் பாருங்கள். பேட்டன்ட் பாக்ஸ் அந்தக் கட்டத்தில் யாருக்கும் ஒரு காசு கொடுப்பதில்லை.

ஜெர்மனியும் பிரிட்டனும் 2014 கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தன. 2015-ல் ஓ.இ.சி.டி. அமைப்பு அதை உலக அளவிலான விதியாக்கியது. பழைய பாக்ஸ்களில் புதியவர்கள் சேர்வது 2016 ஜூன் 30-உடன் நிறுத்தப்பட்டது, ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு 2021 ஜூன் 30 வரை கெடு. வணிகச் சின்னங்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டன. உங்களைத் தொடும் விதி இதுதான்: சலுகை எவ்வளவு கிடைக்கும் என்பதை, அந்தக் கம்பெனி தானே செய்த ஆராய்ச்சிச் செலவு தீர்மானிக்கும். விலைக்கு வாங்கிய காப்புரிமையின் விலையும், சொந்தக் குழுமத்துக் கம்பெனிக்குக் கொடுத்துச் செய்வித்த ஆராய்ச்சியும் தகுதியான செலவாகச் சேராது.

கணக்கு இப்படிப் போகும். தானே செய்த ஆராய்ச்சிக்கும், சம்பந்தமில்லாத வெளி ஆய்வுக்கூடத்துக்கும் ஆன செலவை மேலே எழுத வேண்டும். அதோடு 30 சதவீதம் வரை கூட்டிக்கொள்ளலாம், ஆனால் மொத்தச் செலவைத் தாண்டக்கூடாது. கீழே மொத்தச் செலவு. வரும் விகிதம் எவ்வளவோ, வருமானத்தில் அவ்வளவுக்கே சலுகை. உங்கள் மொரிஷியஸ் கம்பெனி காப்புரிமையை வாங்கிவிட்டுச் சும்மா இருந்தால் மேலே பூஜ்யம், கீழே வாங்கிய விலை. விடை பூஜ்யம். அந்தக் கம்பெனி 2.4 மில்லியனுக்குக் காப்புரிமையை வாங்கி, 1 மில்லியனுக்கு அங்கேயே ஆராய்ச்சி செய்து, 0.6 மில்லியனை இங்கே டர்பன் பக்கம் இருக்கும் உங்கள் சொந்தக் கம்பெனிக்குக் கொடுத்து மீதி வேலையைச் செய்வித்தது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மேலே 1.3, கீழே 4. சலுகை 32.5 சதவீத வருமானத்துக்கு மட்டும்.

மொரிஷியஸின் எட்டு வருட விலக்கும் இதே அடிப்படையில்தான் நிற்கிறது. மொரிஷியஸிலேயே உருவாக்கப்பட்ட அறிவுச் சொத்துக்குத்தான் அந்த விலக்கு. உங்கள் கருவி டோங்காட்டில் உருவானது. ஆகவே அங்கே உங்களுக்குக் கிடைப்பது அந்த நாட்டின் வழக்கமான 15 சதவீத வரிதான். வேறு நாட்டுப் பாக்ஸைத் தேடலாமா என்றும் தோன்றலாம். பிரிட்டனில் குறிப்பிட்ட சில ஐரோப்பிய அலுவலகங்கள் கொடுத்த காப்புரிமைக்கே இடமுண்டு. தென்னாப்பிரிக்கக் காப்புரிமை அதில் சேராது.

இந்தப் பக்கம் வரும் கணக்கு

ஆலோசகர் சொன்ன லாபம் 2.4 மில்லியனில் 27 சதவீதம், அதாவது வருடத்துக்கு 6,48,000 ரேண்ட். அது கிடைக்குமா என்று பார்ப்போம்.

முதலில் விற்பனை. அந்தக் காப்புரிமை 2037 வரை உயிரோடு இருக்கும். வருடம் 2.4 மில்லியன் ராயல்டி தரும் சொத்தை யாராவது அரை மில்லியனுக்கு விற்பார்களா? இப்படிப்பட்ட புதுக் கருவிக்குரிய அபாயத்துக்காக வருடம் 20 சதவீதம் கழித்துப் போட்டாலும் இன்றைய மதிப்பு சுமார் 10 மில்லியன் வரும். தொடர்புடையவருக்கு விற்கும்போது நீங்கள் எழுதிய விலையை இந்நாட்டு வரித்துறையான சார்ஸ் ஏற்காது, சந்தை மதிப்பில் விற்றதாகவே கொள்ளும். கம்பெனியின் மூலதன ஆதாயத்தில் 80 சதவீதம் வருமானத்தோடு சேரும் என்பதால் நடைமுறை வீதம் 21.6 சதவீதம். 10 மில்லியனுக்கு ஏறக்குறைய 2.16 மில்லியன் ரேண்ட் வரி. இதில் ஏற்கெனவே செலவாகக் கழித்த ஆராய்ச்சித் தொகை திரும்ப வருமானமாகச் சேர்ந்தால், அந்தப் பகுதிக்கு முழு 27 சதவீதம். வாங்குபவர் நீங்களேதான், ஆகவே வெளியிலிருந்து பணம் வராது. வரி மட்டும் ரொக்கமாகப் போகும்.

ரிசர்வ் வங்கி விதியும் குறுக்கே நிற்கிறது. அறிவுச் சொத்து 'மூலதனம்' ஆகாது என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-ல் ஒரு வழக்கில் சொன்னது. மறு வருடமே அந்நியச் செலாவணி விதியைத் திருத்தி அறிவுச் சொத்தை உள்ளே கொண்டுவந்தார்கள். பிறகு நடைமுறை தளர்ந்தது, ஆனால் நியாயமான சந்தை விலை என்ற நிபந்தனை போகவில்லை. அரை மில்லியன் என்று எழுதிய ஒப்பந்தத்தை வங்கியே திருப்பி அனுப்பும்.

அப்புறம் வருடாந்தர ராயல்டி. மொரிஷியஸ் கம்பெனியில் பாதிக்கு மேல் பங்கு தென்னாப்பிரிக்காவில் வசிப்பவர்கள் கையில் இருந்தால், அது இங்கிருந்து கட்டுப்படுத்தப்படும் வெளிநாட்டுக் கம்பெனி. வருமான வரிச் சட்டத்தின் 9டி பிரிவு அதன் ராயல்டி வருமானத்தை இழுத்து வந்து, இங்கே பங்கு வைத்திருப்பவரின் வருமானத்தில் சேர்த்துவிடும். அங்கே கட்டும் வரி, இங்கே கட்ட வேண்டியதில் 67.5 சதவீதமாவது இருந்தால் தப்பிக்கலாம். 27-ல் 67.5 சதவீதம் என்றால் சுமார் 18.2. மொரிஷியஸின் 15 அதை எட்டாது, எட்டு வருட விலக்கு கிடைத்தால் இன்னும் எட்டாது. ஆக, டர்பன் கம்பெனியில் 2.4 மில்லியனைக் கழிப்பீர்கள், அதே 2.4 மில்லியன் வேறு வாசல் வழியாக உங்கள் வரிக் கணக்குக்குத் திரும்பி வரும்.

இன்னொன்று, அந்தக் கம்பெனியின் முக்கிய முடிவுகளை நீங்கள் டோங்காட்டில் உட்கார்ந்து எடுத்தால், அது இந்த நாட்டில் நிர்வகிக்கப்படும் கம்பெனி என்று சொல்லி முழுவதுமாக இங்கே வரி கேட்கலாம். தணிக்கைக்கு வருகிறவர் தீர்மான நோட்டை மட்டும் பார்ப்பதில்லை. ராயல்டி வீதத்தை யார் முடிவு செய்தார், எந்த மின்னஞ்சலில், அன்று அவர் எந்த ஊரில் இருந்தார் என்று கேட்பார். உங்களிடம் உண்மையில் ஒரே பதில்தான் இருக்கும்.

உறவினர் பெயரில் பங்கு

9டி பிரிவைத் தாண்டத்தான் ஆலோசகர் இதைச் சொல்லியிருக்கிறார். காத்ர் போர்னில் இருக்கும் அந்த மைத்துனர் தன் பணத்தைப் போட்டு, லாபத்தைத் தானே எடுத்துக்கொண்டு, நஷ்டத்தையும் தாங்கினால் அது அவருடைய கம்பெனி. பெயர் அவருடையது, பணம் உங்களுடையது என்றால் பங்கின் உண்மையான உரிமையாளர் நீங்கள். படிவத்தில் அதை மறைத்தால் தெரிந்தே பொய் சொன்னதாகும். தென்னாப்பிரிக்காவும் மொரிஷியஸும் வங்கிக் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் இருக்கின்றன. வேண்டுமென்றே ஏய்த்தது என்று முடிவானால், சாதாரண நேர்விலேயே குறைவாகக் கட்டிய வரியின் மேல் 150 சதவீதம் அபராதம். அதற்கு மேல் குற்ற வழக்கும் வரலாம். அந்தப் பையனையும் இதில் மாட்டிவிடுவீர்கள்.

சரி, அவர் உண்மையிலேயே உரிமையாளர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது 23ஐ பிரிவு வரும். முன்பு உங்கள் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்த காப்புரிமையை வெளியே அனுப்பிவிட்டு, அதையே பயன்படுத்த ராயல்டி கட்டினால், அந்த ராயல்டியைச் செலவாகக் கழிக்க விடமாட்டார்கள். வெளியே போகும் ராயல்டிக்கு 15 சதவீதம் பிடித்தம் உண்டு, இரு நாட்டு ஒப்பந்தப்படி அது 5 ஆகக் குறையும். 2.4 மில்லியனுக்கு 1,20,000 ரேண்ட். கழிவும் இல்லை, பிடித்தமும் உண்டு, அங்கே அவருக்கு வரியும் உண்டு. இன்று கட்டுவதைவிட அதிகம்.

பெரிய கம்பெனிகளைப் பற்றி

அவர்கள் செய்கிறார்கள் என்பது பாதி உண்மை. இன்றைக்கு நெதர்லாந்திலோ பிரிட்டனிலோ பாக்ஸின் பலனை முழுதாக எடுக்கிறவர்கள் அங்கே ஆய்வுக்கூடம் வைத்து, பொறியாளர்களுக்கு அங்கே சம்பளம் கொடுக்கிறார்கள். வெறும் பெயர்ப்பலகை வைத்திருந்தவர்களுக்கு 2021-உடன் கெடு முடிந்தது. வருடம் 750 மில்லியன் யூரோவுக்கு மேல் விற்றுமுதல் உள்ள குழுமங்களுக்கு 15 சதவீதக் குறைந்தபட்ச வரியும் வந்துவிட்டது, தென்னாப்பிரிக்காவில் 2024 ஜனவரி 1 முதல். அந்த அளவுக்குக் கீழே இருக்கும் உங்களை இந்த வரி தொடாது. ஆனால் நான் மேலே சொன்ன எதற்கும் அளவு வரம்பு கிடையாது என்பதை ஆலோசகர் உங்களிடம் சொல்லவில்லை.

வரியைக் குறைப்பது ஒன்றே நோக்கமான ஏற்பாட்டைச் சட்டம் பொதுவாகவே தள்ளுபடி செய்ய முடியும். திட்டத்தை விளக்கி அவர் உங்களுக்கு அனுப்பிய கடிதத்தில் வரியைத் தவிர வேறு காரணம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அந்தக் கடிதமே உங்களுக்கு எதிரான முதல் சாட்சி.

உங்களுக்குச் சட்டம் உண்மையில் கொடுப்பது

11டி பிரிவு. தென்னாப்பிரிக்காவில் செய்யும் ஆராய்ச்சிக்கு, செலவழித்த 100 ரேண்டுக்கு 150 ரேண்ட் கழித்துக்கொள்ளலாம். இந்தச் சலுகை 2033 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கருவியின் அடுத்த வடிவத்துக்கு 1 மில்லியன் செலவு செய்தால் கூடுதலாக அரை மில்லியன் கழியும், வரியில் 1,35,000 ரேண்ட் மிஞ்சும். ஆலோசகர் காட்டிய 6,48,000-க்குப் பக்கத்தில் இது சின்னத் தொகைதான். ஆனால் இது கைக்கு வரும், தணிக்கையில் நிற்கும், முதல் மாதிரி வேலை செய்யாமல் போனாலும் கிடைக்கும்.

இதற்கு அறிவியல் துறையின் முன் ஒப்புதல் வேண்டும். 2024 முதல், விண்ணப்பிக்கும் நாளுக்கு ஆறு மாதம் முன்பு வரை ஆன செலவையும் ஏற்கிறார்கள். அதற்கும் முந்தையதை ஏற்பதில்லை, அதனால் உங்கள் பழைய 4 மில்லியனுக்கு இந்தக் கூடுதல் கழிவு இனிக் கிடைக்காது. அந்தத் தொகை அந்தந்த வருடத்தில் சாதாரணச் செலவாகவாவது கழிக்கப்பட்டதா என்று உங்கள் கணக்காளரிடம் கேட்டுப் பாருங்கள்.

விண்ணப்பங்கள் தோற்பது பெரும்பாலும் ஓரிடத்தில். நீங்கள் செய்தது முறையான சோதனை, விடை முன்கூட்டித் தெரியாத சோதனை என்று காட்ட வேண்டும். "படிவைக் குறைக்கும் கருவியை மேம்படுத்துகிறோம்" என்று எழுதினால் அது வழக்கமான வேலை என்று தள்ளிவிடுவார்கள். எந்த வெப்பத்தில், சாற்றின் எந்தக் கெட்டித்தன்மையில், குழாயின் எந்தப் பகுதியில் படிவு ஏறுகிறது, அது ஏன் என்று இன்னும் தெரியவில்லை, அதை அறிய இன்ன மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கப்போகிறோம் என்று எழுதுங்கள். தேதி போட்ட சோதனைக் குறிப்பேடு, வெட்டிப் பார்த்த குழாய்த்துண்டின் படம், படிவின் தடிமன் மில்லிமீட்டரில், தோற்றுப்போன மாதிரிகளின் குறிப்பும் சேர்த்து வையுங்கள். தோல்விக் குறிப்புதான் விடை முன்பே தெரிந்திருக்கவில்லை என்பதற்கு நல்ல ஆதாரம்.

மொரிஷியஸ் ஒரேயடியாக ஆகாது என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அந்த ஆலைகளுக்கென்று ஒரு புது வடிவத்தை அங்கேயே உருவாக்க உங்களுக்கு எண்ணம் இருந்தால், உங்கள் மைத்துனரோ வேறு யாரோ சம்பளத்துக்குப் பொறியாளர் வைத்து, இடம் எடுத்து, முடிவுகளையும் அங்கேயே எடுத்து நடத்தினால், அந்தப் புது வடிவத்தின் வருமானத்துக்கு அங்குள்ள விலக்கைக் கேட்கலாம். தானே தொடர்ந்து கண்டுபிடிப்புகளை உருவாக்கி, சொந்த ஆளும் இடமும் வைத்திருக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு 9டி பிரிவும் வழிவிடுகிறது. ஆனால் 3 மில்லியன் லாபத்தில் இரண்டு பொறியாளர், அலுவலகம், அங்கே ஒரு தணிக்கையாளர் என்று கணக்குப் போட்டால் வரியில் மிஞ்சுவது அதிலேயே கரைந்துவிடும். வரிக்காக இல்லாமல் தொழிலுக்காகவே அங்கே போக வேண்டியிருந்தால் மட்டும் போங்கள். பழைய காப்புரிமை டர்பன் கம்பெனியிலேயே இருக்கட்டும்.

இதுவரை எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்பதால், சார்ஸிடம் நீங்களாக முன்வந்து சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. மைத்துனர் பெயரில் அங்கே கம்பெனி ஏற்கெனவே பதிவாகியிருந்தால், பணம் எதுவும் போகும் முன்பே அதை மூடச் சொல்லுங்கள். ஆலோசகருக்கு முன்பணம் கொடுத்திருந்தால், காப்புரிமையின் மதிப்பீட்டு அறிக்கையையும், 9டி, 23ஐ இரண்டு பிரிவுகளைப் பற்றிய அவருடைய கருத்தையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித்தர மறுத்தால் அந்தப் பணம் போனதாகவே இருக்கட்டும். ஆலைகள் அரைவையை நிறுத்திப் பராமரிப்புக்குக் குழாய்களைத் திறக்கும் மாதங்களில்தான் உங்கள் அடுத்த சோதனை தொடங்கும். 11டி விண்ணப்பம் அதற்கு முன்பே துறைக்குப் போய்ச் சேர்ந்துவிடட்டும்.